இமை வீங்கி வந்தவரின் விரல்கள்

கடந்த ஆண்டு என்னிடம் வந்த 29 வயதுப் பெண்ணுக்கு இரண்டு மேல் இமைகளும் சிவந்து வீங்கி, செதில் உதிர்ந்துகொண்டிருந்தன. ஐந்து மாதமாகத் தொல்லை. கண்மையை நிறுத்திப் பார்த்தார், ஷாம்பூவை மாற்றினார், தலைச்சாயத்தையும் விட்டுவிட்டார். சொட்டு மருந்து போட்டும் கேட்கவில்லை. கடைசியில் ஓரிடத்தில் ஒட்டுச் சோதனையும் செய்துகொண்டார். வழக்கமான இந்தியத் தொகுப்பில் எந்தப் பொருளுக்கும் எதிர்வினை வரவில்லை. 'ஒவ்வாமை ஏதும் இல்லை' என்று எழுதிய சீட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

அந்தச் சீட்டை அவர் நீட்டியபோதுதான் விரல்களைப் பார்த்தேன். நுனிச் சதை காய்ந்து வெடித்திருந்தது. நகங்கள் சில அடித்தோலிலிருந்து விலகி, அடியில் தடித்திருந்தன. கேட்டதும், "அது வேற டாக்டர், நகத்துல பூஞ்சைன்னு மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்கேன்" என்றார். நகத்தைச் சுரண்டிப் பூஞ்சை இருக்கிறதா என்று யாரும் பார்த்திருக்கவில்லை. நான் பார்த்தேன், இல்லை. இமைக்கு ஒரு மருத்துவர், நகத்துக்கு இன்னொருவர் என்று பிரிந்து போனதில் நோய் ஒன்றே என்பது ஐந்து மாதமாக யார் கண்ணிலும் படவில்லை.

அவர் நகத்துக்கு ஜெல் பாலிஷ் போடுபவர். பார்லரில் அல்ல, இணையத்தில் வாங்கிய பெட்டியை வைத்து வீட்டிலேயே, மூன்று வாரத்துக்கு ஒருமுறை. இரண்டு விவரங்கள் எனக்குப் போதுமானவையாக இருந்தன. பாலிஷ் போட்ட இரண்டாம் நாளில் இமை வீங்கும். இடது கையைவிட வலது கை விரல்களில் புண் அதிகம். அவர் வலது கைப் பழக்கம் உள்ளவர். இடது கை நகங்களுக்கு வலது கையால் நேர்த்தியாகப் பூசிவிடுகிறார். வலது கைக்கு இடது கையால் பூசும்போது ஜெல் நகத்தைத் தாண்டித் தோலில் வழிகிறது. தாமே பூசிக்கொள்பவர்களிடம் இந்த இடவல வேறுபாட்டைக் கேட்டுப் பாருங்கள்.

ஜெல்லில் ஒவ்வாமை உண்டாக்குவது அக்ரிலேட், மெத்தாக்ரிலேட் வகை மூலக்கூறுகள். அவற்றில் முதன்மையானது ஹெமா என்று சுருக்கி அழைக்கப்படும் 2-ஹைட்ராக்சிஎதில் மெத்தாக்ரிலேட். மூலக்கூற்று எடை ஏறக்குறைய 130 மட்டுமே என்பதால் தோலுக்குள் எளிதாகப் போய்விடும். விளக்கொளியில் இவை ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியாகிவிட்டால் தோலுக்குள் போக முடியாது. ஆகவே நன்றாக இறுகிய நகத்தில் ஆபத்து குறைவு. இறுகாமல் மிஞ்சுவதுதான் சிக்கல். ஒரு நிறுவனத்தின் ஜெல்லை வேறொரு நிறுவனத்தின் சிறிய விளக்கில் காட்டினால், அந்த ஒளியின் அலைநீளம் ஜெல்லில் உள்ள ஒளித்தூண்டிக்குப் பொருந்தாமல் போகலாம். தடிமனாகப் பூசினால் அடிப்பகுதி பச்சையாகவே நிற்கும். நான்கு விரல்களோடு சேர்த்துக் கட்டைவிரலையும் விளக்குக்குள் நுழைக்கும்போது அது சாய்ந்துகொள்வதால் பக்கவாட்டில் ஒளி படாது. எல்லாம் சரியாக நடந்தாலும், காற்றிலுள்ள ஆக்சிஜன் இறுகுவதைத் தடுப்பதால் மேலே ஒரு பிசுபிசுப்பான படலம் மிஞ்சும். அதைத் துடைக்கிற பஞ்சு விரல் நுனியில் படுகிறது. அந்தக் கை இமைக்குப் போகிறது. உடலிலேயே மெல்லிய தோல் இமையுடையது என்பதால், விரல் தாங்கிக்கொள்ளும் அளவுகூட அங்கே வீக்கத்தைக் கிளப்பும். விரலில் ஒன்றும் இல்லாமல் இமை மட்டும் வீங்கி வருகிறவர்களும் உண்டு. அவர்களிடம் நகத்தைப் பற்றி நாம் கேட்டால்தான் உண்டு, அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

இனி அந்தச் சீட்டு. நாம் வழக்கமாக ஒட்டும் இந்தியத் தொகுப்பில் நிக்கல் உண்டு, குரோமேட் உண்டு, பார்த்தீனியம் உண்டு. ஹெமா இல்லை. சோதிக்காத பொருளுக்கு 'ஒவ்வாமை இல்லை' என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஐரோப்பிய அடிப்படைத் தொகுப்பில் 2019இல் ஹெமா சேர்க்கப்பட்டுவிட்டது. நம்மிடம் வருகிற நோயாளிகளின் நகங்களைப் பார்த்தால் நாம் காத்திருப்பதற்குக் காரணம் தெரியவில்லை. தொகுப்பு மாறும்வரை, வாசலினில் 2 விழுக்காடு ஹெமாவைத் தனியாக வரவழைத்து வைத்துக்கொள்ளலாம். நக ஒவ்வாமையில் பெரும்பான்மையை இந்த ஒன்றே காட்டிக்கொடுக்கும். செயற்கை நகத்தைப் பசை வைத்து ஒட்டுகிறவர் என்றால் எதில் சயனோஅக்ரிலேட்டும் வேண்டும்.

வாங்கினால் மட்டும் போதாது. அக்ரிலேட்டுகள் ஆவியாகிக் குறைந்துவிடும். குழலைக் குளிர்பெட்டியில் வையுங்கள். காலையிலேயே எல்லாக் கிண்ணங்களையும் நிரப்பி அடுக்குவது பலரின் பழக்கம். இதை மட்டும் நோயாளி முன்னால் உட்கார்ந்த பிறகு நிரப்புங்கள். 48 மணி நேரத்தில் பிரித்துப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் நான்காம் நாளும், இயன்றால் ஏழாம் நாளும் பார்க்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கு 48 மணியில் லேசான சிவப்பு, அவ்வளவுதான். 96 மணியில் சிறு கொப்புளங்களோடு தடித்திருந்தது. இரண்டாம் நாளோடு முடித்திருந்தால் நானும் ஐயத்துக்குரியது என்றே எழுதியிருப்பேன். ஒன்றைச் செய்யவே கூடாது: நோயாளி கொண்டுவரும் ஜெல்லை அப்படியே முதுகில் ஒட்டுவது. இறுகாத ஜெல் தோலைப் புண்ணாக்கும். அதைவிட மோசம், இல்லாத ஒவ்வாமையை நாமே உண்டாக்கிவிடலாம்.

மருத்துவம் நேரானது. விரலுக்கு இரண்டு வாரம் வீரியமான ஸ்டீராய்டு களிம்பு, இமைக்குச் சில நாள் ஹைட்ரோகார்டிசோன் அல்லது டாக்ரோலிமஸ். மீதமிருந்த பாலிஷை அவரே ராவி எடுக்க வேண்டாம் என்றேன், அந்தத் தூளும் ஒவ்வாமையைக் கிளப்பும். வேறொருவர் கையுறையோடு, சுற்றுத்தோலில் வாசலின் தடவி, அசிட்டோனில் ஊறவைத்து எடுத்தார். இமை பத்து நாளில் அடங்கியது. நகம் சீராக ஆறு மாதம் ஆனது. விரல் நுனிகளில் அவருக்கு இருந்த மதமதப்பும் அதற்குள் மெல்லத்தான் போயிற்று. நரம்பு மருத்துவரிடம் அனுப்பும் அவசரம் வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இடையில் அவர், 'ஹெமா இல்லாதது' என்று அச்சிட்ட வேறொரு புட்டியைக் கொண்டுவந்து காட்டினார். அதில் ஹைட்ராக்சிபுரோபில் மெத்தாக்ரிலேட் இருந்தது. ஹெமாவுக்கு ஒத்துக்கொள்ளாதவரில் பலருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது. ஐரோப்பிய ஒன்றியம் ஹெமா உள்ள நகப்பூச்சைப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2020இல் விதித்தது. அதற்குப் பிறகு இத்தகைய மாற்றுப் புட்டிகள் நோயாளிகளுக்கு ஒரு பொய்யான தைரியத்தைக் கொடுக்கின்றன.

பார்லரில் வேலை செய்பவர் வந்தால் கையுறையைப் பற்றிப் பேச வேண்டும். மெல்லிய லேடெக்ஸ், வினைல் உறைகளைச் சில நிமிடங்களிலேயே இந்த மூலக்கூறுகள் ஊடுருவிவிடும். நைட்ரைல் கொஞ்சம் தாங்கும், ஆனால் அதையும் அடிக்கடி மாற்ற வேண்டும். உறை போட்டிருக்கிறேனே என்று அவர்கள் சொல்வதை வைத்து இந்த நோயை விலக்கிவிடாதீர்கள்.

அந்தப் பெண்ணுக்குப் பல் அடைப்பு ஒன்று பாக்கி இருந்தது. பல்லோடு அடைப்பைப் பிணைக்கும் திரவங்கள் பலவற்றில் ஹெமா உண்டு. மூட்டு மாற்றில் பயன்படும் எலும்புச் சிமெண்டும் இதே குடும்பம்தான். சிகிச்சையே கூடாது என்பதில்லை. இறுகிய அடைப்பைப் பெரும்பாலோர் தாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் பல் மருத்துவருக்கு முன்கூட்டித் தெரிந்தால், வேறு பொருளைத் தேர்ந்தெடுக்கவோ, ரப்பர் விரிப்பு கட்டி ஈறில் படாமல் வேலை செய்யவோ முடியும். பழைய சீட்டை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு, 'மெத்தாக்ரிலேட் ஒவ்வாமை, 2-ஹெமா, ஒட்டுச் சோதனையில் உறுதி. பல், எலும்பு சிகிச்சைக்கு முன் தெரிவிக்கவும்' என்று புதிதாக எழுதிக் கொடுத்தேன். அவர் அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, அதே பெட்டியைப் பயன்படுத்தும் தங்கைக்கு அங்கிருந்தே அனுப்பினார்.