வாட்டர் பியூரிஃபையர்: வாங்குவதா, லிட்டர் கணக்கில் காசு கட்டுவதா? எது லாபம்?

‘மெஷின் ஃப்ரீ, குடிக்கிற தண்ணிக்கு மட்டும் காசு குடுங்க’ என்ற விளம்பரத்தை நீங்களும் பார்த்திருப்பீங்க. லிவ்ப்யூர், டிரிங்க்பிரைம் போன்ற நிறுவனங்கள் பியூரிஃபையரை வாடகைக்குத் தருகின்றன. லிட்டர் கணக்குத் திட்டம் என்றால், மெஷினுக்குள் இருக்கும் மீட்டர் எத்தனை லிட்டர் பிடித்தீர்கள் என்று எண்ணும். ரீசார்ஜ் தீர்ந்தால் தண்ணீர் நின்றுவிடும், செல்போன் மாதிரிதான்.

சரி, கணக்கு போட்டுப் பார்க்கலாம். இந்த விலைகள் உதாரணத்துக்குத்தான். உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

ஆர்ஓ மெஷின் 15,000 ரூபாய். முதல் வருடம் வாரண்டி. அடுத்த 4 வருடம் ஃபில்டர், மெம்ப்ரேன், சர்வீஸ் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 4,500. ஆக, 5 வருடத்தில் 33,000 ரூபாய். மெஷின் விலையை விட பராமரிப்புச் செலவு அதிகம். கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

இப்போது வாடகை. லிட்டருக்கு 1.50 ரூபாய் என்று வைப்போம். நாலு பேர் வீட்டில் குடிக்க, சமைக்க தினம் 12 லிட்டர் என்றால் மாதம் 540 ரூபாய், 5 வருடத்தில் 32,400. கிட்டத்தட்ட சமம். தினம் 6 லிட்டரே போதும் என்கிற இருவர் வீட்டில் 16,200தான். ஆனால் 25 லிட்டர் செலவாகும் கூட்டுக்குடும்பத்தில் 67,500! அவர்கள் சொந்தமாக வாங்குவதே நல்லது.

இருவர் வீட்டுக்காரர்களும் அவசரப்பட வேண்டாம். பல திட்டங்களில் மாதக் குறைந்தபட்சக் கட்டணம் உண்டு. மே மாசம் ஊருக்குப் போனாலும் அதைக் கட்டியாகணும். மீதமான லிட்டர் அடுத்த மாதத்துக்கு வருமா, டெபாசிட் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்க.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளுக்குக் கணக்கே வேறு. உப்பு படிந்து மெம்ப்ரேன் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். சொந்த மெஷின் என்றால் மாற்றும் செலவு உங்க தலையில், வாடகை என்றால் கம்பெனி தலையில். அதனாலேயே அவர்கள் மாற்றுவதைத் தள்ளிப்போடவும் வாய்ப்பு இருக்கு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டரை வாங்கி, மெஷின் மாட்டிய அன்றே வெளிவரும் தண்ணீரை அளந்து குறித்து வையுங்க. உள்ளே போகும் தண்ணீர் மாறாதபோது 60 என்று இருந்த அளவு 150ஐ நோக்கி ஏறினால், மெம்ப்ரேன் பழுதா என்று பார்க்கச் சொல்லுங்க.

மெஷின் எடுக்கும் முன் குழாய்த் தண்ணீரையும் அளந்திடுங்க. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின்படி டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. அதற்குக் கீழே இருந்தால், உப்பைக் குறைப்பதற்காக ஆர்ஓ தேவையில்லை. கிருமிக்கு யுவி மெஷின் போதும். அதில் மெம்ப்ரேனே கிடையாது.