ஒரு முகவரிக்கு இரண்டு சொந்தக்காரர்கள்!

ஒரு சர்வர் நின்றாலும் வேலை நிற்கக் கூடாது என்று பல அலுவலகங்களில் இரண்டு லினக்ஸ் சர்வர்களை வைக்கிறார்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஐ.பி. முகவரி இருக்கும். 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம். இதை எந்த சர்வர் வைத்திருப்பது என்பதைக் கீப்அலைவ்டி என்ற இலவச புரோகிராம் கவனிக்கிறது.

முதல் சர்வருக்கு முன்னுரிமை எண் 150, இரண்டாவதற்கு 100 என்போம். முதல் சர்வர் வழக்கமாக விநாடிக்கு ஒரு முறை "நான் இருக்கிறேன்" என்று செய்தி அனுப்பும். ஏறத்தாழ 3.6 விநாடிகள் செய்தி வராவிட்டால், இரண்டாவது சர்வர் முகவரியை எடுத்துக்கொள்ளும்.

செய்தி வராததற்கு சர்வர் நின்றதுதான் காரணம் என்பதில்லை. நான் பார்த்த ஓர் அமைப்பில், இரண்டாவது சர்வரின் ஃபயர்வால் இந்தச் செய்தியைத் தடுத்துவிட்டது. இரண்டு சர்வர்களும் நன்றாகவே ஓடின. இரண்டும் முகவரியை வைத்திருந்தன. சில கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கும், மற்றவை இன்னொன்றுக்கும் போயின. ஒருவர் பதிந்த விவரம் அடுத்தவருக்குத் தெரியவில்லை. பிங் செய்தால் மட்டும் ஒழுங்காகப் பதில் வந்தது!

முதல் சர்வரை அணைத்துப் பார்த்து, "எல்லாம் சரி" என்று முடிப்பது பலரின் வழக்கம். என்னைக் கேட்டால் அது சோதனையே அல்ல. மேலே சொன்ன பழுது இருந்தாலும் அந்தச் சோதனை வெற்றி பெறும். இரண்டாவது சர்வர்தான் ஏற்கெனவே முகவரியை எடுத்துக்கொண்டுவிட்டதே!

இரண்டும் ஓடும்போது சோதிக்க வேண்டும். இரண்டிலும் இந்தக் கட்டளைகளைக் கொடுங்கள்:

```
ip addr show
tcpdump -n -i eth0 ip proto 112
```

eth0 என்ற இடத்தில் உங்கள் நெட்வொர்க் கார்டின் பெயரைத் தர வேண்டும். முதல் கட்டளையின் பதிலில் பொது முகவரி ஒரு சர்வரில் மட்டுமே தெரிய வேண்டும். இரண்டிலும் தெரிந்தால், இரண்டாவது கட்டளையை இரண்டாவது சர்வரில் கவனியுங்கள். முதல் சர்வரின் செய்தி அங்கே வந்துகொண்டிருந்தால், ஃபயர்வாலைச் சந்தேகியுங்கள். tcpdump, ஃபயர்வால் தடுப்பதற்கு முன்பே செய்தியைப் பார்த்துவிடும். செய்தியே வரவில்லை என்றால் பழுது பெரும்பாலும் நெட்வொர்க்கில்தான். ஃபயர்வால்தான் காரணம் என்றால், இரண்டு சர்வர்களிலும் அனுமதி கொடுங்கள்:

```
iptables -I INPUT -p 112 -j ACCEPT
```

மீண்டும் பூட் செய்த பிறகும் இது நிலைக்கும்படி சேமிக்க மறக்காதீர்கள்.

இதோடு ஆபத்து முழுவதும் தீராது. இரண்டுக்கும் நடுவே இணைப்பு அறுந்தால், ஒவ்வொன்றும் மற்றது செத்துவிட்டது என்றே நினைக்கும். இருவர் மட்டும் ஓட்டுப் போட்டால் பெரும்பான்மை எங்கிருந்து வரும்? வெறும் பக்கங்களைக் காட்டும் சர்வர் என்றால் நஷ்டம் குறைவு. கணக்கு வழக்குகள் உள்ள டேட்டாபேஸ் என்றால், மூன்றாவதாக ஒரு சாட்சி கம்ப்யூட்டர் இல்லாமல் முகவரி தானாக மாறும்படி வைக்கக் கூடாது என்பதே என் கருத்து. பத்து நிமிடம் வேலை நிற்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாகப் பிரிந்துபோன கணக்கைச் சேர்ப்பதுதான் கடினம்.