பாலிசி என்னுது, ஏஜென்ட்டும் நான் சொல்றவரா இருக்கக்கூடாதா?

ஊரை விட்டு வந்த நம்ம ஆட்கள் பெரும்பாலோரிடம் ஒரு எண்டோவ்மென்ட் பாலிசி இருக்கும். அதைப் போட்டுவிட்டவர் சித்தப்பாவாகவோ, அப்பாவோடு வேலை பார்த்தவராகவோ, எதிர்வீட்டு மாமாவாகவோ இருப்பார். நாம் நாக்பூரிலோ புனேயிலோ அகமதாபாத்திலோ உட்கார்ந்திருப்போம். அவர் கும்பகோணத்தில் இருப்பார், அல்லது இன்சூரன்ஸை விட்டுவிட்டு மனை வியாபாரத்துக்குப் போயிருப்பார். போனை எடுக்கமாட்டார். ஆனால் வருடா வருடம் நம் பிரீமியத்தில் அவர் பங்கு மட்டும் தவறாமல் போய்ச் சேரும்.

"பாலிசி அப்படியே இருக்கட்டும், ஏஜென்ட்டை மட்டும் மாத்திக் குடுங்க" என்று கிளையில் போய்க் கேட்டுப் பாருங்கள். ஏதோ பெண்டாட்டியை மாற்றித் தரச் சொன்ன மாதிரி ஒரு பார்வை பார்ப்பார்கள். பழைய ஏஜென்ட்டின் ஏஜென்சி நடப்பில் இருக்கும்வரை குறியீட்டை மாற்றமாட்டோம் என்பதுதான் ஆயுள் காப்பீட்டில் வழக்கமாகக் கிடைக்கும் பதில். அவர் ஏஜென்சி ரத்தானாலோ இறந்துபோனாலோதான் வேறு ஆளை ஒதுக்கும் பேச்சே வரும். அதையும் நிறுவனம்தான் ஒதுக்கும், நம்மைக் கேட்டு அல்ல.

இதில் எனக்கு வரும் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டில் இதே கேள்விக்கு 2009 டிசம்பரிலேயே செபி பதில் சொல்லிவிட்டது. முதலீட்டாளர் தன் விநியோகஸ்தரை மாற்றவோ நேரடியாகப் போகவோ விரும்பினால், பழைய ஆளிடம் ஆட்சேபணை இல்லைக் கடிதம் வாங்கி வா என்று அலையவிடக்கூடாது என்று சுற்றறிக்கையே அனுப்பியது. அதே வீடு, அதே சம்பளம், அதே ஆள். ஃபண்டில் அவன் வாடிக்கையாளர், இன்சூரன்ஸில் மட்டும் ஏஜென்ட்டின் சொத்து. என்ன நியாயம் இது?

(நான் வேலை பார்க்கும் வங்கியும் இன்சூரன்ஸ் விற்கிறது, கமிஷன் வாங்குகிறது. அதைச் சொல்லிவிட்டே பேசுகிறேன்.)

எதிர்த்தரப்பு வாதம் ஒன்று உண்டு. மாற்றலாம் என்று விட்டால், ஒரு ஏஜென்ட் இன்னொருவரின் ஆட்களைக் கமிஷனில் பங்கு தருகிறேன் என்று சொல்லி இழுத்துவிடுவாராம். கமிஷனைப் பங்கு போடுவது 1938ஆம் வருட இன்சூரன்ஸ் சட்டத்தின் 41ஆம் பிரிவில் ஏற்கனவே குற்றம், 10 லட்சம் வரை அபராதம். அந்தத் தப்பைப் பிடிக்க அந்தப் பிரிவு இருக்கிறது, என்னைக் கட்டிப் போடவேண்டியதில்லை. இன்னொன்று, புதுப்பிப்புக் கமிஷன் அவர் அன்று அலைந்து விற்றதற்கான கூலி என்பார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். இறந்துபோன ஏஜென்ட்டின் வாரிசுக்குப் போகும் முறைகூட இருக்கிறது, அதிலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அது விற்றதற்கான கூலி என்றால் அதைச் சேவை என்று சொல்லாதீர்கள். கமிஷனை அவரிடமே விட்டுவிட்டு, என்னைக் கவனிக்க நான் சொல்லும் ஆளைப் பதிவு செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இந்தக் கதவு மூடியிருப்பதால் நடக்கும் கூத்தைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் குடியிருப்பில் ஒரு நண்பர். 8 லட்சத்துக்கு 20 வருட பாலிசி, வருடம் 40,000 பிரீமியம், 9 வருடம் கட்டியாகிவிட்டது. நாமினியாக இருந்த அவருடைய அம்மா காலமாகிவிட்டார், மனைவி பெயரைப் போடவேண்டும். ஊரிலுள்ள ஏஜென்ட் பிடி கொடுக்கவில்லை. உள்ளூர் ஏஜென்ட் ஒருவர் வந்தார், ரொம்பத் தன்மையான மனிதர். "மாத்தல்லாம் முடியாது சார், இதை க்ளோஸ் பண்ணிட்டு எங்கிட்ட புதுசு போட்டுக்கோங்க, எல்லாம் நானே பாத்துக்கறேன்" என்றார்.

அவர் பக்கத்துக் கணக்கைப் பாருங்கள். பழைய பாலிசியைக் கவனித்தால் அவருக்கு ஒரு பைசா கிடையாது. அதில் வருடம் 5% என்று 2,000 ரூபாய், கும்பகோணத்துக்கே போகும். புதுசு போடவைத்தால் முதல் வருடக் கமிஷன் 25% என்று குறைத்தே வைத்தாலும் 10,000. அவர் கெட்டவர் இல்லை, ஏற்பாடு அப்படி.

இப்போது நண்பர் பக்கம். கட்டியது 3,60,000. சரண்டர் செய்தால் கைக்கு வருவது சுமார் 2,80,000 என்றார்கள். வட்டியை விடுங்கள், போட்ட முதலிலேயே 80,000 போச்சு. அதைவிடப் பெரியது 45ஆம் பிரிவு. பாலிசி எடுத்து மூன்று வருடம் தாண்டிவிட்டால், நோயை மறைத்தாய் அது இது என்று எந்தக் காரணத்தைச் சொல்லியும் நிறுவனம் அதைக் கேள்வி கேட்கமுடியாது. பழைய பாலிசி அந்தக் கோட்டைத் தாண்டி ஆறு வருடமாகிவிட்டது. புதிதில் அந்த மூன்று வருடம் முதலிலிருந்து ஆரம்பம். இதற்கிடையில் நண்பருக்குச் சர்க்கரை வந்திருக்கிறது, வயது ஒன்பது கூடியிருக்கிறது.

2016ஆம் வருட ஏஜென்ட் விதிமுறைகளின் நடத்தை விதியில், இருக்கும் பாலிசியை முடிக்கக் கட்டாயப்படுத்தி, முடித்த மூன்று வருடத்துக்குள் புதிதாகப் போடவைக்கக்கூடாது என்று தெளிவாகவே இருக்கிறது. தன்மையாகப் பேசிச் செய்தால் கட்டாயம் என்று எப்படி நிரூபிப்பது?

நண்பருக்காக நான் எழுதிக் கொடுத்த கடிதத்தில் கோரிக்கைகளைத் தனித்தனியாகப் பிரித்தேன். ஏஜென்ட் மாற்றம் ஒன்று. பாலிசியை நாக்பூர் கிளைக்கு மாற்றுவது, நாமினி, முகவரி, வங்கிக் கணக்கு, செல்பேசி எண் எல்லாம் வேறு. ஏனென்றால் கிளை மாற்றத்தையும் ஏஜென்ட் மாற்றத்தையும் கவுன்டரில் ஒன்றாகக் குழப்பி, ஒன்றுக்கு முடியாது என்றால் எல்லாவற்றுக்கும் முடியாது என்று அனுப்பிவிடுவார்கள். இரண்டாவது கட்டில் இருப்பது எதற்கும் ஏஜென்ட் கையெழுத்து தேவையே இல்லை. "பாலிசியை சரண்டர் செய்யும் எண்ணம் இல்லை" என்று ஒரு வரியும் சேர்த்தேன். கவுன்டரில் நீட்டும் படிவத்தின் தலைப்பில் சரண்டர், டிஸ்சார்ஜ் என்ற வார்த்தை இருந்தாலோ ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டச் சொன்னாலோ கையெழுத்துப் போடாமல் எழுந்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

செல்பேசி எண்ணில் ஒரு வேடிக்கை. நிறுவனத்தின் பதிவில் நண்பரின் எண்ணாக இருந்தது ஏஜென்ட்டின் எண்! ஒன்பது வருடமாக அத்தனை குறுஞ்செய்தியும் அவருக்குத்தான் போயிருக்கிறது. உங்கள் பாலிசியிலும் இதைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டு வாரத்தில் கிளை மாறியது, நாமினி மாறியது. ஏஜென்ட் விஷயத்துக்கு மட்டும் "ஏஜென்சி நடப்பில் உள்ளது" என்று ஒற்றை வரி பதில். எழுத்தில் வந்ததே, அதுவரை நல்லது. அடுத்து நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் பீமா பரோசா தளத்திலும் புகார். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் காப்பீட்டு ஓம்புட்ஸ்மேன். பாலிசி சேவை பற்றிய குறைகளை, ஏஜென்ட் மீதானது உட்பட, அங்கே கொண்டுபோகலாம். குறியீட்டை மாற்று என்று உத்தரவு வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒன்பது வருடமாகச் சேவை கொடுக்காத ஆளுக்கு என்ன பெயரில் பணம் போகிறது என்று யாராவது எழுத்தில் சொல்லட்டும், அவ்வளவுதான்.

மெடிக்ளெய்ம் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை இவ்வளவு மோசமில்லை. வருடா வருடம் புதுப்பிப்பதால், கெடு தேதிக்கு முன்பே எழுதிக் கொடுத்தால் அதே நிறுவனத்துக்குள் வேறு ஏஜென்ட் வழியாகப் புதுப்பிக்க வாய்ப்பு அதிகம். ஆனால் வருவது புதுப்பித்த பாலிசிதானா என்று பாருங்கள். புதுப் பாலிசியாகப் போட்டுவிட்டால் பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலம் மறுபடி ஒன்றிலிருந்து.

நண்பருக்கு அடுத்த பிரீமியம் மார்ச்சில். ரசீதில் அதே குறியீடுதான் இருக்கும், 2,000 ரூபாய் கும்பகோணத்துக்குப் போகும். போகட்டும். "சித்தப்பா மனசு நோகுமே, புகாரெல்லாம் வேணுமா?" என்று அவர் மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆமாம், அந்த ஏஜென்ட் அவருடைய சொந்தச் சித்தப்பாதான் :-)