தைத்த கைக்குக் கூலி எங்கே?

பெருநாள் முடிந்த கையோடு, வீட்டில் அபாயா தைக்கும் நம் உறவுக்காரச் சகோதரி ஒருவரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். "நோன்பு முழுக்கத் தெச்சன், கையில ஒண்டுமே மிஞ்சல்ல" என்று கவலைப்பட்டார்.

துணி கொண்டு வருவது வாடிக்கையாளர். ஓர் அபாயாவுக்கு அவர் வாங்கியது 1500 ரூபாய். நூல், பட்டன், லேஸ், கரண்ட் எல்லாம் சேர்த்து 350. மிச்சம் 1150 ரூபாயை "லாபம்" என்று கொப்பியில் எழுதியிருந்தார். பிழை அங்கேதான் இருந்தது. அது லாபமல்ல, அவருடைய கூலி. அதுவும் குறைந்த கூலி.

"மூணு மணித்தியாலத்துல தெச்சிருவன்" என்றார். மெஷினில் இருக்கும் நேரம் மட்டும்தான் அது. அளவெடுக்க அரை மணித்தியாலம், வெட்ட முக்கால், கைவேலைக்கும் அயன் பண்ணவும் முக்கால், போட்டுப் பார்த்துத் திருத்த அரை, நூல் வாங்க டவுனுக்குப் போய்வர அரை. எல்லாம் கூட்டினால் 6 மணித்தியாலம். 1150ஐ 6ஆல் பிரித்தால் மணிக்கு 190 ரூபாய் சொச்சம்.

பிறகு ஒரு கேள்வி கேட்டோம்: "நீங்க சுகமில்லாம படுத்தா, இந்த வேலைய இன்னொருத்தர்ட்ட குடுக்க எவ்வளவு கேப்பாங்க?" யோசித்துவிட்டு, மணிக்கு 300 என்றார். அவருடைய நேரத்தின் விலையும் அதுதான். 6 மணித்தியாலத்துக்கு 1800, செலவு 350, மெஷின் ரிப்பேருக்கும் ஊசிக்கும் 150. மொத்தம் 2300. ஒவ்வோர் அபாயாவிலும் 800 ரூபாயை அவர் அறியாமலே விட்டுக்கொடுத்திருக்கிறார். 30 அபாயாவுக்கு அது 24,000.

"2300 சொன்னா ஆக்கள் வரமாட்டாங்களே" என்றார். உண்மைதான், ஊர் தரும் விலைக்கு ஓர் எல்லை உண்டு. அப்போது குறைக்க வேண்டியது கூலியை அல்ல, நேரத்தை. மூன்று அபாயாவை ஒரே நாளில் வெட்டலாம். நூலைக் கிழமைக்கு ஒருமுறை வாங்கலாம். அளவெடுக்க அஸருக்குப் பிறகு என்று நேரம் வைக்கலாம். ஒரு மணித்தியாலம் மிஞ்சினால் 2000 ரூபாய்க்கே முழுக் கூலியும் கிடைத்துவிடும். அதற்கும் ஆள் வராவிட்டால், அந்த வேலையை விட்டு வேறொன்றைத் தைப்பதே நல்லது.

இன்னொன்றும் சொன்னோம். பழகும் காலத்தில் 10 மணித்தியாலம் எடுத்தால், பத்துக்கும் வாடிக்கையாளரிடம் காசு கேட்க முடியாது. கைதேர்ந்தவர் எடுக்கும் நேரத்துக்கே விலை போட வேண்டும்.

சொந்தக்காரருக்குக் குறைத்துக் கொடுப்பது அவரவர் விருப்பம். ஆனால் பில்லில் முதலில் முழு விலையை எழுதி, அதன் கீழே கழிவை எழுதுங்கள். எவ்வளவு கொடுத்தோம் என்று இருவருக்கும் தெரியட்டும்.

"வீட்டுல தைக்கிறதுதானே, குறைச்சி எடுங்க" என்று கேட்பவர்களும் நாமேதான். வீட்டில் தைப்பவருக்குக் கடை வாடகை இல்லை. அந்த 6 மணித்தியாலம் அவருக்கும் உண்டு.