குப்பியைத் திருப்பிப் படியுங்கள்

சிதம்பரத்தில் இருக்கும் என் தங்கை போன மாதம் கடலூருக்கு வந்திருந்தாள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து அவள் கை உப்புத்தாள் மாதிரி சொரசொரத்துப் போயிருந்தது. விரல் மடிப்புகளில் மெல்லிய வெடிப்பு வேறு.

"க்ரீம் போடாம இல்லேக்கா. கிளிசரின், பாந்தெனால், அலன்டாயின் மூணும் இருக்குன்னு மேலேயே போட்டிருக்கான். ஆனா தடவினா எரியுது. அரை மணியிலே பழையபடி காய்ஞ்சுடுது" என்று குப்பியை நீட்டினாள்.

என்னிடமும் ஏறக்குறைய அதே விலையில் வேறொரு குப்பி இருந்தது. முன்பக்கத்தில் அதே மூன்று பெயர்கள்தான். இரண்டையும் திருப்பி வைத்துப் பொடி எழுத்தைப் படித்தோம். வித்தியாசம் அங்கேதான் இருந்தது.

சேர்மானப் பட்டியலில் ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்கள் அதிகமானது முதலில் என்ற வரிசையில் வரும். ஒரு சதவீதமும் அதற்குக் குறைவும் உள்ளவை கடைசியில் எந்த வரிசையிலும் வரலாம். இதைக் கண்டுபிடிக்க ஓர் எல்லைக்கல் உண்டு. கெடாமல் இருக்கச் சேர்க்கும் ஃபீனாக்ஸி எத்தனால் ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஆகவே அதற்குப் பின்னால் வருவதெல்லாம் ஒரு சதவீதத்துக்குள்தான். சில குப்பிகளில் அதற்குப் பதில் மெத்தில் பாரபென் இருக்கும். அதையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

இனி மூன்றையும் பார்ப்போம்.

கிளிசரின் ஈரத்தை இழுத்துத் தோலின் மேலடுக்கில் பிடித்து வைப்பது. விலை மலிவு, பலன் நிச்சயம். ஆனால் தாராளமாக இருக்க வேண்டும். பட்டியலில் தண்ணீருக்கு அடுத்து, இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்தால் நல்லது. எல்லைக்கல்லுக்குப் பின்னால் வந்தால் பேருக்குத்தான்.

பாந்தெனால் தோலுக்குள் போய் வைட்டமின் பி5 ஆக மாறுகிறது. சோப்புத் தூளால் அரிபட்ட மேல்தோல் மறுபடி கட்டிக்கொள்ள அது துணை செய்யும். எரிச்சலும் தணியும். இதற்கு ஒரு சதவீதமாவது வேண்டும். அதனால் எல்லைக்கல்லுக்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். சில குப்பிகளில் 'புரோவிட்டமின் பி5' என்றும் எழுதியிருப்பார்கள். இது மெதுவாக வேலை செய்வது. ஒரு வாரமாவது விடாமல் தடவ வேண்டும்.

அலன்டாயின் தடித்துச் சொரசொரத்த தோலை மிருதுவாக்கி, நமைச்சலைத் தணிக்கும். தண்ணீரில் இது அதிகம் கரையாது. அரை சதவீதம் கரைவதே பெரிது. எனவே இது கடைசியில் வந்தால் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். அதன் இடமே அதுதான்.

தங்கையின் குப்பியில் தண்ணீர், மினரல் ஆயில், மெழுகு வகைகள், வாசனை, ஃபீனாக்ஸி எத்தனால் எல்லாம் வந்த பிறகே கிளிசரினும் பாந்தெனாலும் தலைகாட்டின. ஈரம் பிடிக்க ஆளில்லை. வெடிப்பில் எரிந்ததற்கு அந்த வாசனை காரணமாக இருக்கலாம். என் குப்பியில் கிளிசரின் இரண்டாவது, பாந்தெனால் ஆறாவது, அலன்டாயின் கடைசிக்கு முந்தியது. வாசனை கிடையாது.

அதையே அவளுக்குக் கொடுத்தேன். முதலில் முழங்கை மடிப்பில் இரண்டு நாள் காலையும் மாலையும் தடவிப் பார்க்கச் சொன்னேன். சிலருக்குப் பாந்தெனாலே ஒத்துக்கொள்ளாது. தடிப்போ அரிப்போ இல்லை என்று தெரிந்த பிறகு, பாத்திரம் தேய்த்து முடித்ததும் கையை ஒற்றித் துடைத்து, ஈரம் முழுக்கக் காயுமுன் தடவினாள். ராத்திரி அதன்மேல் ஒரு துளி பெட்ரோலியம் ஜெல்லி. கிளிசரின் இழுத்து வைத்த ஈரம் போகாமல் மூடி போட்ட மாதிரி அது. இரண்டு நாளில் சொரசொரப்பு குறைந்தது. வெடிப்பு மூட மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் தேய்க்கும்போது கையுறை போடவும் பழகிவிட்டாள். கை நாள் முழுக்கச் சோப்புத் தண்ணீரிலேயே ஊறினால் எந்தக் க்ரீமும் ஈடுகொடுக்காது.

மருந்துக்கடைக் கிளிசரினே போதாதா என்று கேட்பீர்கள். உலர்ந்த கையில் அப்படியே பூசினால் பிசுபிசுக்கும். வறண்ட காற்றிலும் ஏ.சி. அறையிலும் தோலின் உள் ஈரத்தையே அது இழுத்துவிடும். நனைந்த உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்துக்கொண்டால் சரி. ஆனால் பாந்தெனாலின் வேலையை அது செய்யாது.

வெடிப்பில் ரத்தமோ நீரோ கசிந்தால், விரலிடுக்கில் வெள்ளையாக ஊறி அரித்தால், இரண்டு மூன்று வாரத்தில் குறையாவிட்டால், அது வெறும் வறட்சியாக இருக்காது. படையோ கரப்பானோ ஆக இருக்கலாம். இந்த மூன்றும் அதற்கு மருந்தல்ல. தோல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.