B குறைந்த அளவே சகப்பிணைப்பின் அளவா?

அணைவுச் சேர்மங்களின் வேதியியலில் ஒரு கூற்று வேரூன்றி நிற்கிறது. உலோக அயனி ஈனிகளோடு சேரும்போது அதன் d எலக்ட்ரான்களுக்கு இடையிலான விலக்கம் குறைகிறது. அதனால் நிறமாலையிலிருந்து கணக்கிடும் ராக்கா அளபுரு B, தனி அயனிக்குரிய மதிப்பைவிடச் சிறியதாக வருகிறது. இது உண்மை. எலக்ட்ரான் மேகம் விரிவதைக் காட்டும் இந்த நெஃபலாக்சடிக் விளைவை 1958இல் ஷேஃபரும் யோர்கென்சனும் பெயரிட்டு ஒழுங்குபடுத்தினார்கள். இந்த உண்மையோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வருகிறது. சேர்மத்தின் B-யைத் தனி அயனியின் B-யால் வகுத்துக் கிடைக்கும் விகிதம் β, அது 0.80 என்றால் அந்தப் பிணைப்பு 20 சதவீதம் சகப்பிணைப்பு என்கிறார்கள். வகுப்பறைக் குறிப்புகளிலும் தேர்வு விடைகளிலும் வழங்கும் இந்தக் கூற்றைத்தான் மறுக்கிறேன். β குறைவதற்குச் சகப்பிணைப்பு காரணம் என்பது வேறு, β சகப்பிணைப்பை அளக்கிறது என்பது வேறு.

முதலில், B என்பது கருவியில் நேராகப் படித்துக்கொள்ளும் எண் அல்ல. குரோமியம்(III) அயனியை எடுத்துக்கொள்வோம். மூன்று d எலக்ட்ரான்கள், எண்முகி வடிவம், தற்சுழற்சி மாறாத மூன்று உட்கவர் பட்டைகள். முதல் பட்டை ν1 ஈனிப்புலப் பிளவு Δ-வையே தந்துவிடுகிறது. ν1, ν2 இரண்டும் கையில் இருந்தால் இந்த வாய்பாட்டால் B கிடைக்கும்:

B = (ν2 − ν1)(2ν1 − ν2) / (27ν1 − 15ν2)

மூன்றாவது பட்டையும் தெரிந்தால் B = (ν2 + ν3 − 3ν1)/15 என்ற எளிய வழி உண்டு. இரண்டும் ஒரே கொள்கையிலிருந்து வருபவை. ஒரே விடையைத் தர வேண்டியவை. [Cr(H2O)6]³⁺ அயனிக்குப் பாடநூல்கள் தரும் பட்டைகள் 17,400, 24,600, 37,800 செ.மீ⁻¹. முதல் வழியில் B ஏறத்தாழ 729, இரண்டாவது வழியில் 680. [CrF6]³⁻ அயனிக்கு 14,900, 22,700, 34,400. முதல் வழியில் 896, இரண்டாவதில் 827. தனி அயனியின் B-யை 918 என்று கொண்டால், ஃபுளோரைடு சேர்மத்தின் சகப்பிணைப்பு ஒரு கணக்கில் இரண்டு சதவீதம், இன்னொரு கணக்கில் பத்து சதவீதம். சேர்மம் மாறவில்லை, பட்டைகள் மாறவில்லை. கணக்கில் எத்தனை பட்டைகளைச் சேர்த்தோம் என்பது மட்டுமே மாறியது. இந்தப் பட்டைகள் ஆயிரக்கணக்கான அலைஎண் அகலம் கொண்டவை என்பதையும் மறக்கக் கூடாது. நீர்ச் சேர்மத்தின் ν2 உச்சியை 100 செ.மீ⁻¹ தள்ளிப் படித்தாலே B பதினான்கு அலகு நகர்ந்துவிடுகிறது. கீழே வகுக்கும் எண்ணும் நிலையானதில்லை. Cr³⁺ தனி அயனிக்கு 918 என்று ஒரு நூலும் 1030 என்று இன்னொரு நூலும் தருகின்றன. அதுவும் தனி அயனியின் ஆற்றல் நிலைகளுக்குப் பொருத்திப் பெற்ற எண்தான். பொருத்திப் பெற்ற ஒன்றைப் பொருத்திப் பெற்ற இன்னொன்றால் வகுத்துவிட்டு, வரும் பின்னத்தை இயற்கையின் சதவீதம் என்று அறிவிப்பது நியாயமில்லை.

சரி, அளவீட்டுப் பிழைகளே இல்லை, β துல்லியமாக 0.80 என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 20 சதவீதம் என்ற முடிவு தவறு. எலக்ட்ரான் ஓரளவு உலோகத்தின் மீதும் ஓரளவு ஈனிகள் மீதும் பரவியிருக்கிறது என்றால், உலோகத்தின் மீதுள்ள அதன் பங்கு N² எனப்படும். விலக்கம் ஓர் எலக்ட்ரானின் சங்கதி அல்ல, இரண்டு எலக்ட்ரான்களுக்கு இடையில் நடப்பது. இரண்டும் உலோகத்தின் மீது இருக்கும்போதுதான் அந்தப் பெரிய விலக்கம் வருகிறது. ஆகவே அது N²-ஐ N²-ஆல் பெருக்கியதற்கு ஏற்பக் குறையும். 0.80-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 0.89. அதாவது, பரவலை மட்டுமே காரணமாகக் கொண்டாலும் ஒவ்வொரு எலக்ட்ரானும் ஈனிகளுக்குக் கொடுத்த பங்கு 11 சதவீதத்துக்குள்தான். கூற்றைச் சொல்பவர்களின் சொந்த அனுமானத்தின்படியே அவர்களின் எண் இருக்க வேண்டியதைப்போல் ஏறத்தாழ இரு மடங்காகிவிடுகிறது.

அந்த அனுமானமும் முழுமையானதல்ல. ஈனிகள் தம் எலக்ட்ரான்களை உலோகத்தை நோக்கிக் கொடுக்கும்போது உலோகத்தின் நிகர மின்னேற்றம் +3 என்ற நிலையிலிருந்து இறங்குகிறது. கருவின் பிடி தளர்கிறது. d எலக்ட்ரான்கள் உலோகத்தை விட்டுப் போகாமலேயே சற்று விலகிப் பரந்து நிற்கின்றன. அவற்றுக்கு இடையிலான சராசரித் தொலைவு கூடுகிறது, விலக்கம் குறைகிறது. இதை மையப்புலச் சகப்பிணைப்பு என்றும், எலக்ட்ரான் ஈனிகள் மீது உண்மையிலேயே பரவுவதைச் சமச்சீர் வரையறுத்த சகப்பிணைப்பு என்றும் யோர்கென்சன் பிரித்துக் காட்டினார். இரண்டும் ஒரே திசையில் B-யைக் குறைக்கின்றன. ஒரே ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டின் பங்கையும் பிரிக்க வழியில்லை.

மூன்றாவது பிழை இன்னும் ஆழமானது: ஒரு சேர்மத்துக்கு ஒரே ஒரு β இருக்கிறது என்ற நம்பிக்கை. எண்முகியில் d மட்டங்கள் இரு குழுக்களாகப் பிரிகின்றன. eg ஈனிகளை நேருக்கு நேர் எதிர்கொண்டு σ பிணைப்பில் ஈடுபடுகிறது. t2g ஈனிகளுக்கு இடையில் நீண்டு, வாய்ப்பிருந்தால் π பிணைப்பில் ஈடுபடுகிறது. ν1, ν2 பட்டைகளில் எலக்ட்ரான் t2g-யிலிருந்து eg-க்குத் தாவுகிறது. ஆகவே அவற்றிலிருந்து பெறும் B இரண்டு குழுக்களின் நிலையையும் கலந்து சொல்கிறது. ஆனால் குரோமியம்(III) நிறமாலையில் இன்னொரு வகைக் கோடும் உண்டு: மூன்று எலக்ட்ரான்களும் t2g-யிலேயே இருக்க, ஒன்றின் தற்சுழற்சி மட்டும் திரும்புவது. மாணிக்கக் கல்லின் சிவப்பு ஒளிர்வு, 694 நானோமீட்டரில், இதே வகைதான். இந்தக் கோட்டின் ஆற்றல் பெரும்பாலும் t2g-க்குள் உள்ள விலக்கத்தையே பேசுகிறது. இதை நீர், அம்மோனியா, சயனைடு என்ற மூன்று ஈனிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கூற்று நிற்காது. நீர்ச் சேர்மத்தில் இது ஏறத்தாழ 15,000 செ.மீ⁻¹, அம்மோனியாவில் 15,200, சயனைடில் 12,400. முதல் இரு பட்டைகளிலிருந்து வரும் B முறையே 729, 657, 529.

நீரிலிருந்து அம்மோனியாவுக்குப் போகும்போது B பத்து சதவீதம் விழுகிறது. சிவப்புக் கோடு விழவே இல்லை, சற்று ஏறவும் செய்கிறது. Δ கூடியதால் வரும் சிறு திருத்தத்தைக் கழித்துப் பார்த்தாலும் மாற்றம் ஒரு சதவீதம் அளவுதான். அம்மோனியாவின் நைட்ரஜனிடம் π பிணைப்புக்கு எலக்ட்ரான் இணை மிச்சமில்லை. அது eg-யை மட்டும் இழுத்துப் பரப்புகிறது, t2g-யைத் தொடவில்லை. அம்மோனியாவிலிருந்து சயனைடுக்குப் போனால் B-யும், அதே திருத்தத்துக்குப் பிறகு சிவப்புக் கோடும், இரண்டுமே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விழுகின்றன. சயனைடு t2g எலக்ட்ரான்களையும் தன்மேல் பரவ விடுகிறது என்பதுதான் நேரான விளக்கம். அம்மோனியா நீரைவிட எத்தனை சதவீதம் கூடுதல் சகப்பிணைப்பு என்று கேட்டால், எந்தக் கோட்டைப் பார்த்துக் கேட்கிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்க முடியும். யோர்கென்சனே இதனால் β-வை மூன்றாகப் பிரித்துக் குறியிட்டார். பாடநூல் சுருக்கங்களில் அந்தக் கீழ்க்குறிகள் உதிர்ந்துபோயின.

இதற்கு வரும் வலுவான எதிர்வாதம் இது: ஃபுளோரைடு, நீர், அம்மோனியா, எத்திலீன்டைஅமீன், ஆக்சலேட், குளோரைடு, சயனைடு, புரோமைடு என்று β இறங்கும் வரிசை வேதியியலாளர் எதிர்பார்க்கும் சகப்பிணைப்பு வரிசையோடு ஒத்துப்போகிறதே, அது தற்செயலா? தற்செயல் இல்லை. வரிசை நல்ல வரிசை. புதிய ஈனி ஒன்றை அதில் இடம் கண்டு வைப்பது பயனுள்ள வேலை. ஆனால் வரிசை தருவது முன்பின் மட்டுமே. ஃபுளோரைடு வரிசையின் தொடக்கத்தில் இருப்பதால் அதில் சகப்பிணைப்பு இல்லை என்றாகாது. மாங்கனீசு ஃபுளோரைடு படிகத்தில் ஃபுளோரின் கருக்கள் உலோகத்தின் தனி எலக்ட்ரான்களின் தற்சுழற்சியை உணர்வதை ஷுல்மனும் ஜக்கரினோவும் 1950களிலேயே கருக்காந்த ஒத்ததிர்வால் காட்டிவிட்டார்கள். எலக்ட்ரான் ஈனியின் மீது எவ்வளவு இருக்கிறது என்று அறிய வேண்டுமானால் ஈனியின் கருவைக் கேட்பதே நேர்வழி.

இன்னொரு வழி காந்தவியல், அங்கே கொல்கத்தாவின் பங்கு பெரிது. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் 1933 முதல் 1942 வரை கொல்கத்தா பவ்பஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராக இருந்தார். இரும்பு வரிசை உலோகங்களின் ஒற்றைப் படிகங்களைக் காந்தப்புலத்தில் மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்த ஏற்புத்திறன் திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்று அவரும் உடன்பணியாளர்களும் அளந்தார்கள். டட்டன் உப்புகள் எனப்படும் நீரேறிய இரட்டைச் சல்பேட்டுகள் அவர்கள் அளந்தவற்றில் முக்கியமானவை. அந்தத் திசைவேறுபாடு எலக்ட்ரானின் சுற்றுப்பாதைக் காந்தத்திலிருந்து வருகிறது. எலக்ட்ரான் ஈனிகள் மீது பரவினால் அந்தக் காந்தமும் குறையும். அதே வகை நீரேறிய நிக்கல் உப்பை எடுத்துக்கொண்டால், அதன் g மதிப்பு ஏறத்தாழ 2.25, Δ 8,500. தற்சுழற்சி மட்டுமே இருந்தால் g இரண்டு. மிச்சமுள்ள 0.25, எட்டு மடங்கு λ-வை Δ-வால் வகுத்ததற்குச் சமம் என்பதால் சுழற்சி–பாதை இணைப்பு மாறிலி λ-வின் அளவு 266 செ.மீ⁻¹ என்றாகிறது. தனி அயனியில் அது 324. விகிதம் 0.82. அதே நிக்கல் நீர்ச் சேர்மத்தின் மூன்று பட்டைகள் 8,500, 13,800, 25,300 என்பதிலிருந்து B 907, தனி அயனிக்கு 1041, விகிதம் 0.87.

இரு விகிதங்களும் வேறு என்பதில் வியப்பில்லை. சுழற்சி–பாதை இணைப்பு கருவுக்கு மிக அருகிலுள்ள எலக்ட்ரான் பங்கைப் பெரிதாக எடைபோடுகிறது. விலக்கம் வெளியே உள்ள பங்கையும் கணக்கில் சேர்க்கிறது. மேகம் விரிவதும் ஈனிக்குப் பரவுவதும் இந்த இரண்டையும் வெவ்வேறு அளவில் பாதிக்கின்றன. ஒன்றை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாததை, இரண்டையும் சேர்த்து வைத்தால் ஓரளவு பிரிக்க முடியும்.

கணினிவழிக் குவாண்டம் கணக்குகள் வந்துவிட்டனவே, அவை B குறைவதை உறுதிசெய்கின்றனவே என்றும் சொல்லப்படுகிறது. குறைவை உறுதிசெய்கின்றன, சதவீதத்தை அல்ல. அவற்றின் நற்பயன், மேகம் விரிவதன் பங்கையும் ஈனிக்குப் பரவும் பங்கையும் தனித்தனியே கணிக்க முடிவதுதான். அது கூற்றுக்கு எதிரான சாட்சி.

ஆகவே β-வைக் கைவிடச் சொல்லவில்லை. அதை எழுதும்போது எந்தப் பட்டைகளைப் பொருத்தினோம், எந்தத் தனி அயனி மதிப்பால் வகுத்தோம் என்பதை அருகிலேயே எழுதுங்கள். தற்சுழற்சி திரும்பும் கோடு கிடைத்தால் அதையும் தனியே தாருங்கள். 1−β-வைச் சதவீதமாக்கிச் சகப்பிணைப்பு என்று பெயரிடும் விடைக்கு ஆசிரியர்கள் மதிப்பெண் தரக் கூடாது.