முப்பது சென்டிமீட்டர் சதுரமும் முப்பது சென்டிமீட்டர் வட்டமும்



செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை எழுதியிருக்கிறார். பட்டம் ஒட்டும் மெல்லிய தாளில் சதுரம் ஒன்று, வட்டம் ஒன்று என இரண்டு பாராசூட் செய்து, மாடித் தாழ்வாரத்திலிருந்து பிள்ளைகள் இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். உயரம் 4 மீட்டர். தொங்கவிட்டது சைக்கிள் கடை வாஷர். தாளும் நூலும் சேர்த்து எடை சுமார் 10 கிராம். சதுரம் தரைக்கு வர 2.7 விநாடி, வட்டம் 2.4 விநாடி. “சதுர வடிவம்தான் மெதுவாக இறங்கும் என்று பிள்ளைகள் எழுதிவிட்டார்கள், சரிதானே?” என்று கேட்கிறார்.

கடிதத்தின் ஓரத்தில் அவர் குறித்திருந்த அளவைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. சதுரத்தின் பக்கம் 30 செ.மீ., வட்டத்தின் விட்டமும் 30 செ.மீ. பார்வைக்கு நியாயமான போட்டிதான். ஆனால் சதுரத்தின் பரப்பு 900 சதுர சென்டிமீட்டர், வட்டத்துக்கு 707தான். வடிவத்தை மட்டும் மாற்றியதாகப் பிள்ளைகள் நினைத்தார்கள், கூடவே பரப்பும் மாறிவிட்டது. காற்று தாங்கும் பரப்பு அவ்வளவு குறைந்தாலே வட்டம் 0.3 விநாடி முந்தி இறங்கிவிடும். ஆக, அந்த 0.3 விநாடிக்கு வடிவத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது.

வடிவத்தைச் சோதிக்க வட்டத்தின் விட்டத்தை 34 செ.மீ. ஆக்க வேண்டும். அப்போது பரப்பு ஏறக்குறைய 900க்கு வந்துவிடும். கணக்குப் போடத் தயங்கும் பிள்ளை கட்டம் போட்ட தாளில் வரைந்து கட்டங்களை எண்ணிக்கொள்ளலாம். ஒரே தாளில் வெட்டுவதால் எடையும் தானாகவே சமமாகிவிடும். நூலைக் கவனிக்க மறக்க வேண்டாம். சதுரத்துக்கு நான்கு மூலையில் நான்கு நூல் என்றால் வட்டத்துக்கும் நான்கே, அதே நீளத்தில். பாராசூட் இப்படியும் அப்படியும் ஊசலாடினால், உள்ளே அடைபட்ட காற்று ஓரம் ஓரமாகத் தப்புகிறது என்று பொருள். நடுவில் விரல் நுழையும் அளவு ஒரு துளை போட்டால் ஆட்டம் அடங்கும். ஒன்றுக்குப் போட்டால் மற்றதற்கும் போட வேண்டும்.

அளவைச் சோதிக்கும்போது வேறொரு சிக்கல். பெரிய தாள் எடையும் கூடுதல். பட்டத்தாளில் வித்தியாசம் ஒரு கிராம் அளவில் நின்றுவிடும். பழைய வேட்டித் துணியில் வெட்டினால் துணியின் எடையே வாஷருக்கு இணையாக வந்து நிற்கும். மளிகைக் கடைத் தராசில் முழு பாராசூட்டையும் நிறுத்து, சின்னதில் சிறிது மணல் சேர்த்துச் சமப்படுத்தலாம்.

“கோட்டையில் கல்யாண மஹால் மேலிருந்து விடலாமா?” என்று பிள்ளைகள் கேட்டார்களாம். ஆசை புரிகிறது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்திலிருந்து எதையும் போடக் கூடாது என்பது ஒருபுறம். அவ்வளவு உயரம் தேவையும் இல்லை. விரிந்த பிறகு அரை மீட்டர் இறங்குவதற்குள் இந்தக் குட்டி பாராசூட் சீரான வேகத்துக்கு வந்துவிடும். மேலே போகப் போகக் காற்றுதான் அதை இழுத்துப் போகும். பள்ளித் தாழ்வாரம், காற்று அடங்கிய காலை நேரம், அது போதும்.

கடிகாரம்தான் இங்கே பலவீனம். ஸ்டாப்வாட்ச் அழுத்தும் விரல் கால் விநாடி வரை பிந்தும். நாம் தேடும் வித்தியாசமும் அவ்வளவுதான். அதனால் இரண்டையும் ஒரே குச்சியில் பிடித்து ஒன்றாக விட்டு, முதலில் தரை தொடுவது எது என்று பாருங்கள். இடம் மாற்றிப் பலமுறை செய்யுங்கள். 34 செ.மீ. வட்டமும் சதுரமும் மாறி மாறி ஜெயித்தால், “வித்தியாசம் இருந்தாலும் எங்கள் அளவீட்டில் தெரியவில்லை” என்று எழுதுவதே சரியான முடிவு.

சுமைக்கு வருகிறேன். எடையை இரட்டிப்பாக்கினால் நேரம் பாதியாகும் என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் சொல்வார்கள். ஆகாது. 10 கிராமில் 2.7 விநாடி என்றால் 20 கிராமில் சுமார் 1.9. வேகம் கூடும்போது காற்றின் தடை அதைவிட விரைவாகக் கூடுகிறது: வேகம் இருமடங்கானால் தடை நான்கு மடங்கு. ஆகவே நேரம் பாதியாக வேண்டுமானால் மொத்த எடை 40 கிராம் ஆக வேண்டும்.

இதே கணக்கு ககன்யானிலும் நடக்கிறது. 2022 நவம்பர் 18 அன்று ஜான்சிக்கு அருகே பபினாவில், 5 டன் மாதிரிச் சுமையை 2.5 கிலோமீட்டர் உயரத்தில் விமானத்திலிருந்து போட்டது இஸ்ரோ. மூன்று பெரிய பாராசூட்டில் ஒன்று விரியாமல் போனால் என்ன ஆகும் என்பதே அன்றைய சோதனை. பரப்பு மூன்றில் இரண்டாகக் குறைந்தாலும் இறங்கும் வேகம் ஒன்றரை மடங்காவதில்லை, ஏறத்தாழ 1.2 மடங்குதான். மீதி இரண்டுமே சுமையைப் பத்திரமாக இறக்கிவிட்டன.

அன்புடன்,
ஆசிரியர்